தலைமையாசிரியருக்கு வந்த 54 லட்ச ரூபாய் நோட்டீஸ்

நோட்டீஸில் இருந்த தொகை 54,84,000 ரூபாய். அந்த ஆண்டுக்கு அவர் தாக்கல் செய்த கணக்கில் கழிவுகள் போகக் காட்டிய வருமானம் 4,40,000 ரூபாய், முழுக்க ஓய்வூதியம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வரிக்குத் தப்பிய வருமானம் என்று ஏன் கொள்ளக்கூடாது எனக் காரணம் கேட்டு, வருமான வரிச் சட்டத்தின் 148ஏ(பி) பிரிவின் கீழ் நோட்டீஸ் வந்திருந்தது. மாதம் 2023 மார்ச். கேள்வி 2018-19 நிதியாண்டைப் பற்றியது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இதற்கு முன் வருமான வரி அலுவலகத்துப் படி ஏறியதே இல்லை.

மார்ச் மாதம் என்பதில் ஒரு காரணம் உண்டு. அப்போதிருந்த சட்டப்படி, சாதாரண வழக்குகளில் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் மறுமதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். 2018-19 வருமானத்துக்கு அந்தக் கெடு 2023 மார்ச் 31. கெடு நெருங்கும்போது, கணினி எடுத்துக் கொடுத்த பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். அதிகாரி உங்களைத் தனியாகக் குறிவைத்தார் என்று நினைத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அவருடைய வக்கீலாக இதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம், அவர் கையோடு கொண்டுவந்திருந்த பதில். கையெழுத்தில், கோடு போட்ட தாளில், நாலு பக்கம். எத்தனை ஆண்டு ஆசிரியப் பணி, எத்தனை பிள்ளைகள் இன்று பெரிய பதவியில், தேர்தல் பணியில் வாங்கிய பாராட்டு, தன் மீது இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை என்பது எல்லாம் இருந்தது. 54 லட்சம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் இல்லை. கூட வந்திருந்த அவருடைய தங்கை மகன், சென்னையில் வேலை பார்ப்பவர், இன்னும் சூடாக இருந்தார். "மாமாவை அசிங்கப்படுத்திட்டாங்க சார். ஹைகோர்ட்டுக்கே போயிடலாம்."

"கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கேள்வியைப் படிச்சுடுவோம்," என்றேன்.

முதலில் நோட்டீஸ் உண்மையானதுதானா என்று பார்த்தோம். 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆவண அடையாள எண் உண்டு. incometax.gov.in தளத்தில் `Authenticate notice/order issued by ITD` என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், துறை அனுப்பியதா இல்லையா என்று தெரிந்துவிடும். போலி நோட்டீஸ்கள் உலவுகிற காலம் என்பதால் இதைப் பார்க்காமல் நான் எந்த வழக்கையும் தொடங்குவதில்லை. இது உண்மையான நோட்டீஸ். ஆனால் பதில் சொல்லக் கொடுத்த அவகாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. அவருக்குக் கணக்குத் தாக்கல் செய்துகொடுத்த பிரவுசிங் சென்டர்காரர், தளத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் தன்னுடைய கைபேசி எண்ணையுமே பதிந்து வைத்திருந்தார். நோட்டீஸ் அவருடைய பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கே `e-Proceedings` பக்கத்தில் இரண்டே பத்தியில் ஒரு மனு போட்டோம். ஒன்று, ஆவணங்கள் கிராமத்திலும் இரண்டு வங்கிகளிலும் இருப்பதால் கால அவகாசம் வேண்டும். இரண்டு, எந்தத் தகவலின் அடிப்படையில் நோட்டீஸ் வந்ததோ அதன் விவரத்தைத் தர வேண்டும். அந்தப் பிரிவின்படி அப்போது குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் முப்பது நாள் அவகாசம் தரலாம். மனு கொடுத்தால் அதிகாரி நீட்டிக்கலாம். கெடு முடிந்தபின் கேட்டால் அதில் பயனில்லை. அவகாசம் கிடைத்தது, தகவல் விவரமும் வந்தது.

மூன்றே வரி. சார்பதிவாளர் அலுவலகம் தெரிவித்தபடி அசையாச் சொத்து விற்பனை 36,00,000. வங்கி தெரிவித்தபடி நிரந்தர வைப்பு 18,00,000. அதே வங்கி தெரிவித்தபடி வட்டி 84,000. கூட்டினால் 54,84,000.

அந்த மூன்று வரியைப் பார்த்ததும் எனக்குப் பாதி வழக்கு முடிந்துவிட்டது. தலைமையாசிரியருடைய அப்பா எழுபதுகளில் கட்டிய வீட்டை, அவர் காலமான பிறகு, 2018 ஜூலையில் விற்றிருக்கிறார்கள். விற்றவர்கள் நாலு பேர்: அம்மா, இவர், தம்பி, தங்கை. ஆளுக்கு 9 லட்சம். தன் பங்கு 9 லட்சத்தையும் அம்மாவின் பங்கு 9 லட்சத்தையும் சேர்த்து, ஆகஸ்டில் இருவர் பெயரிலும் 18 லட்சத்துக்கு வைப்பு போட்டிருக்கிறார். அந்த வைப்புக்கு மார்ச் வரை எட்டு மாத வட்டி, ஏழு சதவீதத்தில், 84,000. ஆக ஒரே பணம், விற்ற இடத்தில் ஒரு முறை, போட்ட இடத்தில் ஒரு முறை எண்ணப்பட்டிருக்கிறது. அதுவும் விற்ற இடத்தில் நாலு பேர் பணம் ஒருவர் தலையில்.

இதில் யாருடைய தவறும் இல்லை என்பதைத்தான் மருமகனுக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. அப்போதிருந்த விதிப்படி, 30 லட்சமோ அதற்கு மேலோ உள்ள சொத்துப் பரிமாற்றத்தைப் பதிவுத்துறை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓராண்டில் 10 லட்சத்தைத் தொடும் வைப்புகளை வங்கி தெரிவிக்க வேண்டும். கூட்டுக் கணக்கானால் பாதிப் பாதியாகப் பிரித்துச் சொல்லும்படி விதி இல்லை. முழுத் தொகையையும் பெயர் உள்ள ஒவ்வொருவர் மீதும் காட்டும்படிதான் 114ஈ விதி சொல்கிறது. சொத்திலும் நடைமுறையில் அப்படியேதான் வருகிறது. பங்கு எவ்வளவு என்று கணினிக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

மெத்தனமாக இருக்கவும் முடியாது. பதில் சரியில்லை என்றால் அதிகாரி 148ஏ(டி) ஆணை போட்டு வழக்கைத் திறந்துவிடுவார். அந்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது, ரிட் மனுதான். மதிப்பீட்டில் 18 லட்சம் வைப்புக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று முடிவானால், 115பிபிஇ பிரிவு வரும். அப்போது அறுபது சதவீத வரி, அதன்மேல் சர்சார்ஜ், அதன்மேல் செஸ் என்று மொத்தம் 78 சதவீதம். 18 லட்சத்துக்கு 14,04,000 ரூபாய். அம்மாவின் பங்கும் இவருடைய பங்கும் போய், மிச்சம் நாலு லட்சத்துக்குக் கீழே.

பிறகு அவருடைய நாலு பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "சார், கேள்வி எண் போடாமல் விடை எழுதுகிற பையனுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நோட்டீஸில் எந்த வரிசையில் மூன்று தொகை இருந்ததோ அதே வரிசையில், அதே எண்ணிட்டு, பதில் எழுத உட்கார்ந்தோம்.

முதல் தொகையில் ஒரு விஷயத்தை நாங்களாகவே சொல்ல வேண்டியிருந்தது. வீடு விற்றதை அவர் தன் கணக்கில் காட்டவே இல்லை. பிரவுசிங் சென்டரில் நிரப்பியது சகஜ் எனப்படும் முதலாம் படிவம். அதில் அப்போது மூலதன ஆதாயத்துக்கு இடமே கிடையாது. இரண்டாம் படிவத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். பதிலின் முதல் பத்தியிலேயே இதை ஒப்புக்கொண்டோம். அடுத்த பத்தியில், அதனால் வரி எதுவும் தப்பவில்லை என்று கணக்கிட்டுக் காட்டினோம்.

அந்தக் கணக்கு இது. விற்ற விலை வருமானம் ஆகாது, ஆதாயம்தான் வருமானம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த சொத்துக்கு, அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். வாரிசாக வந்த சொத்தானாலும் அப்படித்தான். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அந்த மதிப்பை 13 லட்சம் என்று கணித்திருந்தார். 2001-02க்கு விலைவாசிக் குறியீடு 100, 2018-19க்கு 280. 13 லட்சம் 2.8 மடங்காகி 36.4 லட்சம் ஆகிறது. விற்ற விலை 36 லட்சம். ஆக மொத்தத்தில் 40,000 நஷ்டம், இவருடைய கால் பங்கில் 10,000 நஷ்டம். அரசின் வழிகாட்டி மதிப்பு விற்ற விலைக்குக் கீழேதான் இருந்தது. அதனால் 50சி பிரிவின்படி விலையை ஏற்றிப் பார்க்கவும் இடமில்லை.

மதிப்பீட்டு அறிக்கை எப்போது தயாரானது என்பதை அதிகாரிகள் கவனமாகப் பார்ப்பார்கள். நோட்டீஸ் வந்தபிறகு, வாங்கியவர் இடித்துவிட்ட வீட்டுக்கு ஓர் அறிக்கை வாங்கி வைத்தால் அதற்கு என்ன மதிப்பு இருக்கும்? இங்கே நல்லவேளையாக, தம்பியின் ஆடிட்டர் கேட்டதால், விற்பதற்கு முன்பே, 2018-இல், புகைப்படங்களுடன் அறிக்கை வாங்கியிருந்தார்கள். தம்பியும் தங்கையும் அதே 13 லட்சத்தை வைத்துத் தங்கள் கால் பங்கைத் தங்கள் கணக்கில் உரிய நேரத்தில் காட்டியும் இருந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடு அந்த ஒப்புகைகளை இணைத்தோம். அம்மாவிடம் அப்போது பான் எண் இல்லை. பத்திரப் பதிவில் படிவம் 60 கொடுத்திருந்தார்.

இரண்டாம் தொகைதான் நேரத்தைத் தின்றது. கிரயப் பத்திரத்திலேயே நாலு டிமாண்ட் டிராஃப்ட்டுகளின் எண்ணும் யார் பெயருக்கு என்பதும் எழுதியிருந்தது. இவருடைய டிராஃப்ட் இவருடைய கணக்கில் ஜூலையில் வரவாகி, ஆகஸ்டில் வைப்புக்குப் போனது. சிக்கல் இல்லை. அம்மாவின் டிராஃப்ட் கிராமத்துக் கூட்டுறவு வங்கியில் வரவாகியிருந்தது. அங்கிருந்து 9 லட்சம் வெளியே போனதற்குப் பாஸ்புக்கில் "டிஎஃப்ஆர்" என்ற மூன்றெழுத்து மட்டும். யாருக்கு மாற்றினார்கள், எந்த வங்கிக்கு, எதுவும் இல்லை. மறுபக்கத்து வங்கியில் வரவு தெரிகிறது, ஆனால் அனுப்பியவர் பெயர் தெரியவில்லை. பணம் நடந்து வந்த பாதையில் இந்த ஒரு அடி விடுபட்டால், "அது அந்த 9 லட்சம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

மருமகன் அதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதித் தந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். "தம்பி, விளக்கம் வேண்டாம், கடிதம் வேண்டும்," என்று அவரைக் கூட்டுறவு வங்கிக்கு அனுப்பினேன். பழைய பேரேட்டைப் பார்த்து, கணக்கு எண், தேதி, தொகை, ஆர்டிஜிஎஸ் பரிமாற்ற எண், பெறும் வங்கியின் கணக்கு எண் ஐந்தும் போட்டு, முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம் தரும்படி கேட்கச் சொன்னேன். அந்தச் செயலாளர் முதலில் தயங்கி, பிறகு தேடி எடுத்துக் கொடுத்தார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அதுதான்.

மூன்றாவது, வட்டி. இங்கேதான் எனக்கும் மருமகனுக்கும் கொஞ்சம் உரசல். தன் பாதி வட்டி 42,000 ரூபாயை இவர் கணக்கில் காட்டியிருந்தார். மூத்த குடிமக்களுக்கான 80டிடிபி கழிவில் அது முழுதும் போய்விட்டது. மீதிப் பாதி அம்மாவுடையது. அதுவரை சரி. ஆனால் வைப்பில் முதல் பெயர் இவருடையது என்பதால், வங்கி முழு 84,000-க்கும் இவர் பான் எண்ணில் 8,400 ரூபாய் பிடித்திருந்தது. அந்த 8,400-ஐயும் இவர் திரும்ப வாங்கியிருந்தார். பாதி வருமானத்தைக் காட்டிவிட்டு முழு வரிப்பிடித்தத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது. வருமானம் யாருக்கோ பிடித்தமும் அவருக்கே. அம்மாவின் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் 37பிஏ விதிப்படி வங்கியிடம் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

"சார், பாட்டிக்கு எண்பது தாண்டிடுச்சு. அஞ்சு லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. அவங்க கணக்குக் காட்டியிருந்தா அந்த 4,200 அவங்களுக்குத் திரும்பி வந்திருக்கும். எப்படியும் எங்க குடும்பத்துப் பணம். நாமே எதுக்குக் கிளறணும்?" என்றார் மருமகன். நியாயமான வாதம்தான். அரசுக்கு மொத்தத்தில் நஷ்டமும் இல்லை. ஆனால் அம்மா கணக்குக் காட்டவில்லை, காலமும் தாண்டிவிட்டது. தவிர, அதிகாரியின் திரையில் 8,400 என்ற எண் தெரிந்துகொண்டிருக்கிறது. 54 லட்சம் தப்பவில்லை என்று நம்பச் சொல்லும் கடிதம், 4,200 பற்றி வாயை மூடிக்கொண்டால், படிப்பவருக்கு அந்த மௌனம்தான் பெரிதாகத் தெரியும். தலைமையாசிரியர் குறுக்கிட்டார். "என்னுடையது இல்லை என்றால் எழுதிவிடுங்கள், வக்கீல் சார்." 4,200 ரூபாய் வரவு தவறாக எடுக்கப்பட்டது, 154-ஆம் பிரிவின் கீழ் திருத்திக்கொள்ளச் சம்மதம் என்று எழுதினோம்.

பதில் மூன்று பக்கத்துக்குள் முடிந்தது. "அதிர்ச்சி", "வேதனை", "சட்டவிரோதம்" எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எந்தப் பக்கத்தில் ஆதாரம் என்று ஓர் எண். இணைப்புகளுக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே தொடர் எண் போட்டோம். பட்டியல் ஆங்கிலத்தில் போனது. தமிழில் சொன்னால் இப்படி:

இணைப்பு 1, பக்கம் 1–12: கிரயப் பத்திரம். விற்றவர் நால்வர் என்பதற்கும் நாலு டிராஃப்ட் விவரத்துக்கும் (பக்கம் 7).
இணைப்பு 2, பக்கம் 13: வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழ். கால் பங்கு என்பதற்கு.
இணைப்பு 3, பக்கம் 14–21: 2018 மதிப்பீட்டு அறிக்கை. 13 லட்சத்துக்கு.
இணைப்பு 4, பக்கம் 22–27: தம்பி, தங்கை தாக்கல் செய்த கணக்கின் ஒப்புகையும் ஆதாயக் கணக்கும்.
இணைப்பு 5, பக்கம் 28–31: மனுதாரரின் வங்கிக் கணக்கு, 2018 ஜூலை, ஆகஸ்ட்.
இணைப்பு 6, பக்கம் 32–35: அம்மாவின் பாஸ்புக், கூட்டுறவு வங்கியின் கடிதம்.
இணைப்பு 7, பக்கம் 36–38: வைப்பு ரசீது, வட்டிச் சான்று.
இணைப்பு 8, பக்கம் 39–40: 9 லட்சமும் அதன் வட்டியும் தன்னுடையவை என்று அம்மா கொடுத்த உறுதிமொழிப் பத்திரம்.

பட்டியலில் ஆவணத்தின் பெயரோடு, அது எதைக் காட்டுகிறது என்பதையும் எழுதுவது என் வழக்கம். கட்டுக்கட்டாக மார்ச் மாதத்தில் படிக்கிற ஒருவருக்கு, நாற்பது பக்கத்தைப் புரட்டித் தானே கண்டுபிடிக்கப் பொறுமை இருக்காது. தேவையில்லாததை விட்டுவிடுவதும் அதே அளவு முக்கியம். அவர் வீட்டு வரி ரசீது, மின்கட்டண அட்டை, நல்லாசிரியர் சான்றிதழ் எல்லாம் பையில் இருந்தன. கேட்கப்படாத ஆண்டின் வங்கிக் கணக்கை நீங்களாகக் கொடுத்தால், கேட்கப்படாத கேள்வியும் அதோடு பிறக்கும். வருடியெடுத்த கோப்பு ஒவ்வொன்றும் 5 எம்பிக்குள் இருந்தால்தான் தளம் ஏற்கும். அதனால் மங்கலாகிப்போன பாஸ்புக் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தோம். ஏற்றி முடித்ததும் வந்த ஒப்புகையைத் தரவிறக்கி அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். பதில் வரவில்லை என்று நாளை யாராவது சொன்னால் அதுதான் சாட்சி.

ஏப்ரலில் ஆணை வந்தது. விற்பனையில் நாலில் ஒரு பங்கே இவருடையது, ஆதாயம் இல்லை, வைப்பின் ஆதாரம் விளக்கப்பட்டுள்ளது, இது 148 நோட்டீஸ் அனுப்பத் தகுந்த வழக்கு அல்ல என்று 148ஏ(டி)யின் கீழ் அதிகாரி எழுதியிருந்தார். கூட்டுறவு வங்கியின் கடிதத்தைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டிருந்தார். சில வாரம் கழித்து 4,200 ரூபாய்க்கும் வட்டிக்கும் திருத்த ஆணை வந்தது. வந்த அன்றே சலான் கட்டினார். அம்மாவுக்குப் பான் எண் வாங்கி, 9 லட்சத்தைத் தனியாகப் பிரித்து, அவர் பெயரை முதலாகப் போட்டு வைப்பை மாற்றினார்கள்.

அதன் பிறகு சட்டம் நகர்ந்துவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் மறுமதிப்பீட்டுப் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் வேறு. ஆகவே உங்களுக்கு வரும் நோட்டீஸில் உள்ள பிரிவையும் கெடுவையும் பார்த்து நடங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் உள்ள கணக்கைத் திறந்து, அதில் பதிந்திருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே மாற்றிவிடுங்கள்.